ஸ்டெபிலைசர் வாங்குவதற்கு முன் ஒரு ராத்திரி வோல்டேஜைப் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள்: "புது ஃபிரிட்ஜ் வாங்கியிருக்கோம், எத்தனை கே.வி.ஏ. ஸ்டெபிலைசர் போடணும்?" நாங்கள் உடனே பதில் சொல்லாமல், "உங்கள் வீட்டில் ராத்திரி எட்டு மணிக்கு வோல்டேஜ் எவ்வளவு?" என்று திருப்பிக் கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. ஸ்டெபிலைசர் விற்கிற கடைக்காரர் ஏன் இப்படி இழுத்தடிக்கிறார் என்று நினைக்கலாம். அதற்கான விளக்கம்தான் இந்த மடல்.

முதலில் ஃபிரிட்ஜ். சாதாரண கம்ப்ரசர் உள்ள ஃபிரிட்ஜுக்குள் ஒரு மோட்டார் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது அது ஒரு ஆம்பியரைச் சுற்றித்தான் கரண்ட் எடுக்கும். ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும் அந்த ஒரு நொடிக்குள் ஐந்து, ஆறு மடங்கு, சில நேரம் அதற்கு மேலும் இழுக்கும். வோல்டேஜ் குறைந்தால் மோட்டாரின் தள்ளும் விசை அதே அளவில் குறைவதில்லை, வர்க்கமாகக் குறைகிறது. 230 வோல்டுக்குச் செய்த மோட்டாருக்கு 160 வோல்ட் கொடுத்தால் விசை ஏறக்குறைய பாதியாகிவிடும். ஓடிக்கொண்டிருக்கிற கம்ப்ரசர் அதைச் சமாளித்துவிடலாம், நின்றிருக்கிற கம்ப்ரசரால் கிளம்ப முடியாது.

கிளம்பாத மோட்டார் சும்மா இருப்பதும் இல்லை. உறுமிக்கொண்டே கரண்டை இழுத்துச் சூடாகிறது. சில நொடிகளில் ஓவர்லோடு என்று நாங்கள் சொல்லும் சின்னத் தகடு சூட்டில் வளைந்து 'டிக்' என்று இணைப்பைத் துண்டிக்கும். கொஞ்ச நேரம் ஆறியதும் மறுபடி இணைக்கும், மறுபடி உறுமல், மறுபடி டிக். ராத்திரி சமையலறையிலிருந்து சில நிமிடத்துக்கு ஒரு முறை இந்தச் சத்தம் கேட்டால் அதை அலட்சியப்படுத்த வேண்டாம். இப்படியே வாரக்கணக்கில் போனால் மோட்டாரின் சுருள் கருகிவிடும், கம்ப்ரசரையே மாற்ற வேண்டிவரும்.

சரி, டிக் சத்தம் கேட்டால் உடனே ஸ்டெபிலைசரா? இல்லை. சென்ற ஆண்டு ஒருவர் இதே புகாரோடு வந்து, ஸ்டெபிலைசரைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போவேன் என்று நின்றார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். ஃபிரிட்ஜ் நின்றிருக்கும்போது அந்த பிளக் பாயின்டில் 205 வோல்ட். கம்ப்ரசர் கிளம்பப் பார்த்த நொடியில் 168. அதே நேரம் பக்கத்து அறை பாயின்டில் வைத்திருந்த இன்னொரு மீட்டர் 203-க்குக் கீழே இறங்கவில்லை. அப்படியானால் வீட்டுக்கு வருகிற மின்சாரத்தில் குறை இல்லை, வீட்டுக்குள் அந்த ஒரு பாயின்டுக்குப் போகும் வழியில்தான் சுமார் 35 வோல்ட் காணாமல் போகிறது. சாக்கெட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு திருகு தளர்ந்து, ஒயர் நுனி கருத்துப் போயிருந்தது. சாக்கெட்டை மாற்றி, நுனியை வெட்டிப் புதிதாக முறுக்கினோம், முடிந்தது.

அந்த இடத்தில் ஸ்டெபிலைசரை மாட்டியிருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும். ஸ்டெபிலைசர் மின்சாரத்தை உற்பத்தி செய்வதில்லை. குறைந்த வோல்டேஜை உயர்த்திக் கொடுக்க, அதற்கு ஈடாக லைனிலிருந்து கூடுதல் கரண்டை எடுக்கிறது. கருகிய இணைப்பில் இன்னும் அதிகக் கரண்ட் பாய்ந்தால் அங்கே சூடு இன்னும் ஏறும். பிளக்கைத் தொட்டால் சுடுகிறதா, மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஃபிரிட்ஜ் ஓடுகிறதா என்பதை முதலில் பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் கூப்பிட வேண்டியது எலெக்ட்ரீஷியனை.

இப்போது ஸ்டெபிலைசர் உண்மையிலேயே தேவைப்பட்ட ஒரு வீடு. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து லைன் போய் முடிகிற கடைசி வீடு அது. சாயங்காலம் ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை எல்லா பாயின்டிலும் 158 வோல்ட். ஊர் தூங்கின பிறகு அதே வீட்டில் 248. ஃபிரிட்ஜின் பின்பக்க லேபிளில் 1.2 ஆம்பியர் என்று இருந்தது. அவர் ஏற்கனவே ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டியிருந்தார், 150 வோல்ட் வரை தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. 158, 150-ஐவிட மேலேதானே இருக்கிறது, பிறகு ஏன் சாயங்காலம் முழுக்க ஃபிரிட்ஜ் ஓடாமல் நிற்கிறது என்பது அவர் கேள்வி.

அங்கே உட்கார்ந்து கவனித்தபோது விஷயம் புரிந்தது. ஸ்டெபிலைசர் இல்லாமல் ஃபிரிட்ஜ் கிளம்பப் பார்க்கும்போது 158 என்பது 148-க்கு இறங்கியது. பத்து வோல்ட் இறக்கம். ஸ்டெபிலைசர் வழியாகப் போனால் மோட்டாருக்கு 200-க்கு மேல் கிடைப்பதால் அது முழு பலத்தோடு இழுக்கிறது. அந்த 200-ஐக் கொடுக்க ஸ்டெபிலைசர், மோட்டார் இழுக்கும் கரண்டைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக லைனிலிருந்து எடுக்கிறது. இரண்டும் சேர்ந்து இறக்கம் 17, 18 வோல்ட் ஆகிவிடுகிறது. 158 போய் 140 ஆன அந்த நொடியில், 150-க்குக் கீழே வந்துவிட்டது என்று ஸ்டெபிலைசர் தன் வேலைப்படி துண்டித்துவிடுகிறது. மூன்று நிமிடம் கழித்து மறுபடி இணைக்கிறது, மறுபடி அதே கதை. பெட்டியில் பழுது ஒன்றும் இல்லை, தேர்வில்தான் பிழை.

ஆகவே கே.வி.ஏ.வுக்கு முன்னால் பார்க்க வேண்டியது, எந்த வோல்டிலிருந்து எந்த வோல்ட் வரை அது வேலை செய்யும் என்கிற எல்லையை. கீழ் எல்லை, உங்கள் வீட்டின் மிகக் குறைந்த வோல்டேஜைவிட இருபது, இருபத்தைந்து வோல்டாவது கீழே இருக்க வேண்டும். அந்த வீட்டுக்கு 130-லிருந்து தொடங்கும் ஒன்றைப் போட்டோம். மேல் எல்லை 290, ராத்திரி 248-க்கு அது தாராளம். எல்லை எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது என்றும் நினைக்க வேண்டாம். 190-க்குக் கீழே ஒருநாளும் இறங்காத வீட்டுக்கு 90 வோல்டிலிருந்து தொடங்கும் பெட்டி வீண்செலவு. அந்த வீட்டுக்குப் பெரும்பாலும் ஸ்டெபிலைசரே வேண்டாம்.

எல்லை முடிவான பிறகுதான் கே.வி.ஏ. வருகிறது. லேபிளில் உள்ள ஆம்பியரை 230-ஆல் பெருக்குங்கள். 1.2 ஆம்பியர் என்றால் 276 வோல்ட்-ஆம்பியர். ஆயிரம் வோல்ட்-ஆம்பியர் ஒரு கே.வி.ஏ., ஆக இது கால் கே.வி.ஏ.வுக்குச் சற்று மேல். கிளம்பும் நொடியின் இழுப்புக்காக இதைக் குறைந்தது இரண்டு மடங்காக வைத்துக்கொள்ள வேண்டும், அது அரை கே.வி.ஏ.வைத் தாண்டிவிடுகிறது. வோல்டேஜ் பெரும்பாலும் சரியாக இருந்து எப்போதாவது இறங்குகிற வீட்டில் இப்படிப்பட்ட ஃபிரிட்ஜை அரை கே.வி.ஏ.விலேயே ஓட்டிவிடலாம். தினமும் மூன்று மணி நேரம் 158-இல் ஓட வேண்டிய வீட்டில், உள்ளே இருக்கும் சுருளில் அதிகக் கரண்ட் தொடர்ந்து பாய்ந்துகொண்டே இருக்கும். அதனால் அங்கே 1 கே.வி.ஏ. போட்டோம். சில பெட்டிகளில் கே.வி.ஏ.வோடு ஆம்பியரும் அச்சிட்டிருப்பார்கள், எந்த வோல்டேஜில் அந்த ஆம்பியர் என்பதையும் படித்துவிடுங்கள். லிட்டர் கணக்கை மட்டும் வைத்து ஸ்டெபிலைசர் வாங்குவது எங்களுக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஒரே லிட்டர் அளவுள்ள இரண்டு ஃபிரிட்ஜ்களின் லேபிளில் ஆம்பியர் வேறு வேறாக இருக்கும். தானாகப் பனி உருக்கும் வகையில் உள்ளே ஹீட்டரும் இருக்கும், அதன் வாட் கம்ப்ரசருடையதைவிடக் கூடுதலாக இருந்தால் அதையே கணக்கில் எடுக்க வேண்டும்.

மூன்று நிமிடம் என்று மேலே சொன்னோமே, அது குறை இல்லை. கரண்ட் போய் உடனே வந்தால் கம்ப்ரசரின் ஒரு பக்கம் வாயு அழுத்தம் இன்னும் தேங்கியிருக்கும், அதற்கு எதிராக மோட்டார் கிளம்ப முடியாது. அழுத்தம் சமமாகச் சில நிமிடம் வேண்டும். எனவே ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரில் இந்தத் தாமத வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அதே பெட்டியில் டிவியையும் மிக்ஸியையும் சேர்த்து மாட்ட வேண்டாம்.

இன்வெர்ட்டர் கம்ப்ரசர் உள்ள ஃபிரிட்ஜ் என்றால் கதை வேறு. அதில் மின்சாரம் முதலில் நேர்மின்னோட்டமாக மாறி, ஒரு எலெக்ட்ரானிக் போர்டு வழியாக மோட்டாருக்குப் போகிறது. மோட்டார் மெதுவாகக் கிளம்புவதால் அந்தப் பெரிய இழுப்பும் இல்லை. கையேட்டில் எந்த வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியிருப்பார்கள். உங்கள் வீட்டு வோல்டேஜ் அதற்குள் அடங்கினால் ஸ்டெபிலைசர் வேண்டாம். விற்பனையாளர் வாயால் "ஸ்டெபிலைசர் தேவையில்லை" என்று சொல்வதைவிட அந்த இரண்டு எண்களை நம்புங்கள்.

டிவியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். இப்போதைய எல்.இ.டி. டிவிக்குப் பின்னால் பெரும்பாலும் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருக்கும் பவர் சப்ளையே ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்துகொள்கிறது, 158 வோல்டிலும் படம் தெளிவாகத் தெரியும். குறைந்த வோல்டேஜுக்குப் பயந்து அதற்கு ஸ்டெபிலைசர் வாங்க வேண்டியதில்லை. டிவியைக் கொல்வது பெரும்பாலும் அதிக வோல்டேஜ். மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தால், 230 வர வேண்டிய இடத்தில் 300, 350 என்று வந்துவிடும். சில விளக்குகள் கண் கூசும்படி எரிந்து மற்றவை மங்கினால் அதுதான் அடையாளம், உடனே மெயினை அணையுங்கள். உங்கள் பகுதியில் இது நடப்பதுண்டு என்றால், அதிக வோல்டேஜில் துண்டிக்கும் வசதி உள்ள சின்ன டிவி ஸ்டெபிலைசர் பயன்படும். அளவுக்கு டிவியின் வாட்டோடு செட்டாப் பாக்ஸ், ஸ்பீக்கர் ஆகியவற்றின் வாட்டையும் கூட்டி, அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டால் போதும். இடிக்கு மட்டும் எந்த ஸ்டெபிலைசரும் காவல் இல்லை. இடி இடிக்கும் முன்பே பிளக்கையும் கேபிள் ஒயரையும் கழற்றிவிட வேண்டியதுதான்.

அடுத்த முறை வரும்போது மூன்று விஷயம் கொண்டுவாருங்கள்: ஃபிரிட்ஜ் லேபிளின் புகைப்படம், ராத்திரி எட்டு மணி வோல்டேஜ், நள்ளிரவுக்குப் பிறகான வோல்டேஜ். பழக்கமில்லாதவர்கள் மல்டிமீட்டர் முனையை சாக்கெட்டுக்குள் விடவேண்டாம். பிளக் பாயின்டில் சொருகினாலே எண் காட்டும் மீட்டர் எங்களிடம் இரண்டு இருக்கிறது. இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுங்கள், வாடகை கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்கள்