யார் நேர்ந்தார்களோ அவர்களே செலுத்தட்டும்

மண்டபம்

அன்புள்ள ராணிக்கு,

உன் கடிதம் வந்தது. மூட்டுவலி குறைந்ததில் சந்தோஷம். பேரனுக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டை போடுவதாக நீ நேர்ந்துகொண்டதும், மருமகள் முகம் சுருங்கியதும் படித்தேன். எங்கள் வீட்டுக் கதை தெரிந்துதானே என்னிடம் கேட்கிறாய்!

நாங்கள் சைவம், மாப்பிள்ளை வீடு பாம்பனில் கத்தோலிக்கக் குடும்பம். என் மகள் எதிலும் அவ்வளவு பிடிப்பில்லாதவள். பேத்திக்கு ஏழு வயது, பேரனுக்கு நாலு. பேரனுக்குக் கடும் காய்ச்சல் வந்தபோது சம்பந்தியம்மா ஓரியூர்ப் புனிதர் அருளானந்தருக்கு மொட்டை நேர்ந்துகொண்டார். 1693இல் அவர் வெட்டுப்பட்ட இடத்துச் செம்மண்ணை நம் பக்கத்து இந்துக்களும் எடுத்துப் போவது உனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரோ அதே முடியைக் குலதெய்வத்துக்கு என்று எப்போதோ சொல்லி வைத்திருந்தார். ஒரு தலை, இரண்டு கடன்.

மகள் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. "நேர்ந்தவர்கள் அவர்கள் உடம்பால் செலுத்தட்டும். பிள்ளை உடம்பைத் தொடுவதானால் முதலில் எங்கள் இருவரையும் கேளுங்கள், விவரம் தெரிந்த பிள்ளையானால் அவனையும் கேளுங்கள்" என்றாள். சம்பந்தியம்மா இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் ஓரியூர் போய்த் தானே பூமுடி கொடுத்துவிட்டு வந்தார். பேரனும் கூடப் போனான், மெழுகுவர்த்தி ஏற்றினான், முடியோடு திரும்பினான். என் வீட்டுக்காரர் இன்னும் முணுமுணுக்கிறார். தன் தலையில் முடி இல்லையே என்பதுதான் அவர் குறை.

ஞானஸ்நானப் பேச்சும் அப்படித்தான் முடிந்தது. பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும், பிள்ளை அந்த விசுவாசத்தில் வளரும் என்ற நம்பிக்கையும் இருக்க வேண்டும் என்று பங்குச் சாமியாரே சொல்லிவிட்டார். மாப்பிள்ளை, பிள்ளைகள் வளர்ந்து கேட்டால் பார்க்கலாம் என்று நிறுத்திவிட்டார். வீட்டிலேயே யாருக்கும் தெரியாமல் பாட்டிமார் தண்ணீர் ஊற்றிவிடும் கதைகளை நீயும் கேட்டிருப்பாய். உயிருக்கு ஆபத்தான நேரத்துக்குத்தான் திருச்சபையில் அதற்கு இடம் உண்டு. சம்பந்தியம்மா அந்த வழிக்குப் போகவில்லை என்பதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை.

ஆனால் வற்புறுத்தல் எப்போதும் இவ்வளவு வெளிப்படையாக வராது, ராணி. ஒருமுறை பாம்பனுக்குப் போகும்போது, பஸ் பாலத்தில் ஏறியதும் பேத்தி நெற்றித் திருநீற்றைப் பாவாடை ஓரத்தால் துடைத்தாள். யாரோ ஒரு சொந்தக்கார அம்மாள், "இதைப் பூசினால் இயேசப்பா வருத்தப்படுவார்" என்றாளாம். நம் பக்கமும் சுத்தமில்லை, "சாமி கண்ணைக் குத்தும்" என்பதை எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! பிள்ளை ஒரு வீட்டுக்காக இன்னொரு வீட்டை மறைக்கத் தொடங்கினால், எங்கோ பயம் புகுந்துவிட்டது என்று அர்த்தம். கோயிலுக்கும் சர்ச்சுக்கும் கூட்டிப்போவதை அதற்காக நிறுத்த வேண்டியதில்லை. பயமுறுத்தும் பேச்சைத்தான் நிறுத்த வேண்டும், அதையும் அந்தந்த வீட்டு ஆளே தன் வீட்டில் சொல்ல வேண்டும். அன்று மாப்பிள்ளைதான் சொன்னார். நான் சொல்லியிருந்தால் அது சம்பந்திச் சண்டையாகியிருக்கும்.

பூசையில் நற்கருணை வரிசையில் நிற்க முடியாது என்று பேத்தி அழுததும் உண்டு. முன்கூட்டியே சொல்லியிருந்தால் அழுதிருக்க மாட்டாள். "அதற்கென்று படித்துத் தயாரானவர்கள் வாங்குவது, உன் வயசு அத்தை பெண்ணும் இன்னும் வாங்கவில்லை" என்றதும் சரியாகிவிட்டது. எங்கே சேர்ந்துகொள்ளலாம், எங்கே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பதை வாசலுக்கு வெளியே வைத்தே சொல்லிவிடு.

"எந்தச் சாமி நிஜம், பாட்டி?" என்று அவள் கேட்டபோது எல்லாம் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் சம்பந்தியம்மாவும் ஒப்பமாட்டார், பக்கத்து வீட்டு பீவியும் ஒப்பமாட்டார். "நான் சிவனை நம்புகிறேன், அந்தப் பாட்டி இயேசுவை நம்புகிறார், உன் அம்மா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்" என்றேன். "நானும் யோசிக்கவா?" என்றாள். யோசி என்றேன்.

ஒன்று மட்டும் பழக்கிக்கொண்டோம். ஒரு கதையை அதை நம்புகிறவரே சொல்வது. ராமர் சேது கட்டியதை நான் சொன்னேன். அதே மணல் திட்டுகள் வழியாக ஆதம் நபி கடந்து வந்தார் என்பதையும், அவர் பிள்ளைகள் ஆபில், காபில் பேரில் ராமேஸ்வரத்தில் இருக்கும் தர்காவைப் பற்றியும் பீவி சொன்னார். ராமரும் ஆதமும் ஒரே நேரத்தில் போனார்களா என்று பேரன் கேட்டான். பீவிக்கும் எனக்கும் பதில் இல்லை, சிரித்துவிட்டோம்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். தேதி குறிப்பதற்கு முன் மருமகளைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் நேர்ந்துவிட்டேன், நீ வேண்டாமென்றால் வேறு விதமாகச் செலுத்திக்கொள்கிறேன்" என்று சொல். மகனைத் தூது அனுப்பாதே. வேண்டாமென்றால் உன் முடியையே கொடு, நரைத்ததுதானே.

ஆடி அமாவாசைக்குச் சேதுக்கரை வருவதாக எழுதியிருந்தாய். முதல் நாளே இங்கே வந்துவிடு, மறுநாள் பஸ்ஸில் கூட்டம் தாங்காது.

அன்புடன்,
உன் தோழி