ரத்தான பாலிசியின் ரீஃபண்ட் வருமானம் அல்ல: சிறு நிறுவனங்களின் கணக்கர்களுக்கு ஒரு திறந்த மடல்

கணக்கெழுதும் நண்பர்களுக்கு, வணக்கம்.

குடோனைக் காலி செய்ததும் ஃபயர் பாலிசியை நடுவில் ரத்து செய்கிறோம். சில வாரங்களில் இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து ஒரு தொகை பேங்கில் வந்து விழுகிறது. அதை ‘இதர வருமானம்’ லெட்ஜரில் போட்டுவிட்டு அடுத்த வவுச்சருக்குப் போய்விடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இதை நிறுத்துங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2025 ஜூலை 1 முதல் 2026 ஜூன் 30 வரை ஒரு பாலிசி. பிரீமியம் ரூ. 36,500, 18 சதவீத ஜிஎஸ்டி ரூ. 6,570. ஜிஎஸ்டியை இன்புட்டில் எடுத்தாயிற்று. பிரீமியம் முழுவதும் ப்ரீபெய்ட் இன்சூரன்ஸில் நிற்கிறது, நாளுக்கு ரூ. 100 வீதம் மாதாமாதம் செலவுக்கு மாற்றுகிறோம். அக்டோபர் 31-உடன் பாலிசி ரத்து. கழிந்தது 123 நாள், அதாவது ரூ. 12,300. மிச்சம் 242 நாளுக்கு ப்ரீபெய்டில் நிற்பது ரூ. 24,200.

ஆனால் கைக்கு வருவது இந்த 24,200 அல்ல. முதல் குழப்பமே இங்கேதான். ஸ்டாண்டர்டு ஃபயர் பாலிசியில், கம்பெனியே ரத்து செய்தால் நாள் விகிதப்படி திருப்பித் தரும். நாம் கேட்டு ரத்து செய்தால் ‘ஷார்ட் பீரியட்’ விகிதப்படி தனக்கு உரியதைப் பிடித்துக்கொள்ளும். தனிநபர் பாலிசிகளுக்கு 2024-இல் ஐஆர்டிஏஐ வேறு விதி வகுத்திருக்கிறது: ஓராண்டுக்கு உட்பட்ட பாலிசியில் க்ளெய்ம் இல்லையென்றால், மிச்சக் காலத்துக்கு விகிதப்படி ரீஃபண்ட். வணிகப் பாலிசிக்கு உங்கள் கையில் உள்ள பாலிசியின் ரத்து நிபந்தனையைத்தான் படிக்க வேண்டும். அதிலுள்ள ஷார்ட் பீரியட் அட்டவணை, நான்கு மாதத்துக்குக் கம்பெனி பிடிப்பது 50 சதவீதம் என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். கம்பெனி ரூ. 18,250 பிடித்துக்கொண்டு ரூ. 18,250-ம் அதற்குரிய ஜிஎஸ்டி ரூ. 3,285-ம் சேர்த்து ரூ. 21,535 தரும்.

பதிவு இப்படி வர வேண்டும். முதலில் அக்டோபர் மாதச் செலவை ரத்துத் தேதி வரை போட்டு முடியுங்கள். பிறகு ரத்து எண்டார்ஸ்மென்ட் கைக்கு வந்ததும் ஒரே ஜர்னல்:

```
இன்சூரன்ஸ் ரீஃபண்ட் வரவேண்டியது   பற்று  21,535
இன்சூரன்ஸ் செலவு                  பற்று   5,950
   ப்ரீபெய்ட் இன்சூரன்ஸ்           வரவு  24,200
   இன்புட் ஜிஎஸ்டி                 வரவு   3,285
```

5,950 என்பது சீக்கிரம் ரத்து செய்ததற்கு நாம் கொடுத்த விலை. அது இந்த ஆண்டின் செலவு. ப்ரீபெய்டில் அதைத் தொங்கவிட இடமில்லை. பணம் வந்ததும் பேங்க் பற்று, ‘வரவேண்டியது’ வரவு, அவ்வளவுதான். மார்ச்சில் ரத்தாகி ஏப்ரலில் பணம் வந்தாலும் ஜர்னல் மார்ச்சிலேயே விழுந்துவிடும்.

இதர வருமானத்தில் போட்டால் என்ன ஆகும்? ப்ரீபெய்ட் அட்டவணையை யாரும் நிறுத்தியிருக்க மாட்டார்கள். இல்லாத பாலிசிக்கு அது மாதாமாதம் செலவு எழுதிக்கொண்டே போகும். மார்ச் 31 வரை 151 நாளுக்கு ரூ. 15,100 போய், இருப்புநிலைக் குறிப்பில் ரூ. 9,100 ப்ரீபெய்ட் என்று நிற்கும். அப்படி ஒரு சொத்தே கிடையாது. சரியான செலவு 18,250 இருக்க வேண்டிய இடத்தில், வருமானத்தைக் கழித்தால் 5,865 மட்டுமே தெரியும். லாபம் ரூ. 12,385 கூடுதலாகக் காட்டப்படும். அதில் 9,100 அந்தப் பொய்ச் சொத்து. மீதி 3,285 நாம் திருப்ப வேண்டிய இன்புட் வரி.

அந்த 3,285-ஐப் பற்றி இன்னும் கொஞ்சம். கம்பெனி கிரெடிட் நோட் போட்டால் அது GSTR-2B-யில் தெரியும். அங்கே இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயரில் ஒரு கிரெடிட் நோட் இருந்து, நம் புத்தகத்தில் அதற்கு இணையான பதிவு இல்லையென்றால், பேங்க் வரவு வேறெங்கோ போய்விட்டது என்று பொருள். உடனே தேடுங்கள். பயணிகள் காருக்கான பாலிசிபோல இன்புட்டே எடுக்க முடியாத இடத்தில் ஜிஎஸ்டியும் ப்ரீபெய்டுக்குள்ளேயே இருக்கும். அப்போது ரீஃபண்டில் வரும் ஜிஎஸ்டியும் அதே ப்ரீபெய்டைத்தான் குறைக்கும், இன்புட் லெட்ஜரைத் தொடக்கூடாது.

எண்டார்ஸ்மென்டில் ரத்துத் தேதி, பிடித்த விகிதம், பிரீமியம் தனி, ஜிஎஸ்டி தனி, கிரெடிட் நோட் எண் ஆகியவை இருக்கிறதா என்று பாருங்கள். மொத்தத் தொகை மட்டும் இருந்தால் பிரித்துத் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பாலிசிக் காலத்தில் க்ளெய்ம் வாங்கியிருந்தால் ரீஃபண்ட் எதிர்பார்த்து ‘வரவேண்டியது’ போட வேண்டாம். நிபந்தனை ரீஃபண்டை மறுத்தால் 24,200-ம் செலவுக்குத்தான் போகும். குடோன் சரக்கு பேங்கில் அடமானமாக இருந்தால் ரீஃபண்ட் கடன் கணக்கிலேயே வரவாகலாம். நடப்புக் கணக்கில் தேடிவிட்டு வரவில்லை என்று முடிவு கட்டாமல் அந்த ஸ்டேட்மென்டையும் பாருங்கள்.

அன்புடன்,
சிறு நிறுவனங்களுக்குக் கணக்கெழுதும் சிலர்