வங்கிப் புத்தகத்தில் CHG என்று விழுவதை வாசிப்பது எப்படி? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கணக்கெழுதுவதற்காக நீங்கள் கொண்டுவரும் வங்கிப் புத்தகங்களில் பலமுறை பென்சிலால் சுழித்து, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருப்பதைப் பார்க்கிறோம். 25 ரூபா, 30 ரூபா என்று கழிந்திருக்கும். எதிரே CHG, RTN, WHT என்று இரண்டு மூன்று எழுத்து மட்டும் இருக்கும். அது என்னவென்று நீங்களே கண்டுபிடிக்கும் வழியை இந்த மடலில் எழுதுகிறோம். புதிதாகக் கணக்குத் திறந்தவர்களுக்கும் விளங்கும்படி, ஒரேயொரு சேமிப்புக் கணக்கின் ஒரு மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் ஒரு சிறு விஷயம். DR என்றால் உங்கள் கணக்கிலிருந்து போனது, CR என்றால் வந்தது. கடைப் பேரேடு எழுதிப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். வங்கியில் போட்ட பணம் உங்கள் பேரேட்டில் பற்று. வங்கிக்கோ அது உங்களுக்குத் திருப்பித் தரவேண்டிய கடன், ஆகவே அதன் பேரேட்டில் வரவு. உங்கள் கையில் இருப்பது வங்கியின் பேரேட்டுப் பிரதி என்று நினைத்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

இனி அந்த மாதம். தொகைகள் கணக்குப் பார்ப்பதற்காக நாங்கள் வைத்தவை. கட்டணம் வங்கிக்கு வங்கி வேறுபடும், எழுத்துகளும் கொஞ்சம் மாறும்.

```
01 B/F                     48,250.00
03 CEFT OUT  15,000.00 DR  33,250.00
03 CEFT CHG      25.00 DR  33,225.00
09 ATM WDL   10,000.00 DR  23,225.00
09 ATM CHG       30.00 DR  23,195.00
16 CHQ DEP   20,000.00 CR  43,195.00
18 CHQ RTN   20,000.00 DR  23,195.00
18 RTN CHG      250.00 DR  22,945.00
25 SMS CHG       30.00 DR  22,915.00
31 INT           67.86 CR  22,982.86
31 WHT            6.79 DR  22,976.07
```

B/F என்பது முன்பக்கத்திலிருந்து கொண்டுவந்த மீதி. அதற்குக் கீழே வாசிக்கும்போது எழுத்துகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஒரு தாய்ப் பதிவு உண்டா என்று தேடுங்கள், அது போதும். 3ஆம் திகதி 25 ரூபாவுக்கு நேர் மேலே CEFT OUT இருக்கிறது. வேறு வங்கிக் கணக்கொன்றுக்கு உடனடியாகப் பணம் அனுப்பினீர்கள், அதற்கான கூலி கீழே விழுந்திருக்கிறது. CEFT என்பது இலங்கை வங்கிகளுக்கிடையே பணத்தை அப்போதைக்கப்போதே மாற்றும் முறை. SLIPS என்று கண்டால் அதுவும் வங்கிக்கு வங்கி அனுப்புவதுதான், ஆனால் தொகுதி தொகுதியாகப் போவதால் உடனே போய்ச் சேராது. தொலைபேசிச் செயலியில் அனுப்பினால் ஒரு கட்டணம், கிளைக் கருமபீடத்தில் படிவம் நிரப்பிக் கொடுத்தால் இன்னொரு கட்டணம் என்று வங்கிகள் வைத்திருப்பது வழமை. ஆகவே ஒரே தொகையை இரண்டு மாதம் அனுப்பியும் CHG வேறுபட்டிருந்தால், எந்த வழியால் அனுப்பினீர்கள் என்று முதலில் நினைவுபடுத்திப் பாருங்கள்.

9ஆம் திகதி ATM CHG விழுந்தது, வேறு வங்கியின் இயந்திரத்தில் அட்டையைப் போட்டதால். மீதி பார்ப்பதற்கு மட்டும் போட்டாலும் சிறு தொகை கழியலாம். அப்போது மேலே ATM WDL இருக்காது, BAL INQ போன்ற எழுத்து மட்டும் வரும். ‘பணம் எடுக்கவேயில்லை, கட்டணம் எப்படி வந்தது’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை இதுதான்.

இயந்திரத்தில் நடக்கும் இன்னொன்றை நிதானமாகப் பார்க்க வேண்டும். பணம் வெளியே வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால், சில நாளில் REV என்று போட்டு அந்தத் தொகையைத் திரும்ப வரவு வைப்பார்கள். ‘வந்துவிட்டது’ என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். 10,000 திரும்பியிருக்கும், ஆனால் அதோடு கழிந்த 30 திரும்பினதா? தாய்ப் பதிவு நீக்கப்பட்டால் அதன் கட்டணமும் நீங்க வேண்டும். இரண்டு REV இல்லாவிட்டால் கேளுங்கள்.

இந்தப் பக்கத்தில் அதிகம் பயமுறுத்துவது 18ஆம் திகதி. ஒரே நாளில் 20,250 ரூபா போய்விட்டது போலத் தெரிகிறது. 16ஆம் திகதிக்குப் போங்கள். வேறொருவர் தந்த காசோலையை நீங்கள் வைப்பிலிட்டதும் வங்கி 20,000ஐப் பக்கத்தில் எழுதிவிட்டது. அது எழுதப்பட்டது மட்டுமே, காசோலை இன்னும் மாறவில்லை. கொடுத்தவரின் வங்கி அதைத் திருப்பியதும் எழுதியதை CHQ RTN என்று எதிர்ப்பதிவிட்டு எடுத்துவிட்டார்கள். இடையில் போயா அல்லது வார இறுதி வந்தால் இந்த இடைவெளி இன்னும் நீளும். ஆக 20,000 கட்டணமும் அல்ல, உங்கள் நட்டமும் அல்ல; காசோலை தந்தவரிடமிருந்து இன்னும் வரவேண்டிய பணம். உண்மையான கட்டணம் RTN CHG என்ற 250 மட்டும்.

இதே RTN CHG கொஞ்சம் பெரிய தொகையாக, மேலே CHQ DEP எதுவும் இல்லாமல் வந்தால் கதை வேறு. நீங்கள் எழுதிக் கொடுத்த காசோலை, கணக்கில் பணம் போதாமல் திரும்பியிருக்கிறது. நடைமுறைக் கணக்கு வைத்திருக்கும் கடைக்காரர்கள் இதைக் கண்ட உடனே, அடிக்கட்டையிலுள்ள இலக்கத்தைப் பார்த்து, யாருக்குக் கொடுத்த காசோலை என்று தேடி அவருடன் பேசுங்கள். புத்தகத்தில் நீங்கள் காணும் முன்பே அவருக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

25ஆம் திகதிக்கு மேலே தாய்ப் பதிவு இல்லை. SMS CHG என்பது தொலைபேசிக்கு வரும் குறுஞ்செய்திக்கான கட்டணம், நீங்கள் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் காலத்துக்குக் காலம் கழியும். அட்டைக்கான ஆண்டுக் கட்டணமும், மீதி குறிப்பிட்ட தொகைக்குக் கீழே போனதற்கான கட்டணமும் இதே இனம். பின்னதை MIN BAL என்றோ வெறுமனே S/C என்றோ அச்சிடுவார்கள். வங்கிப் புத்தகத்தில் விவரத்துக்கு ஒதுக்கிய இடம் ஒடுக்கம் என்பதால் சொல் பாதியில் வெட்டுப்படவும் கூடும். தாயில்லாத பதிவுக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. முந்திய மாதங்களின் பக்கங்களைப் புரட்டி அதே தொகை அதே திகதியளவில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் தவணைக் கட்டணம். வரவேயில்லை என்றால்தான் கிளையில் விசாரிக்க வேண்டியது.

திகதி ஏமாற்றும் ஓர் இடமும் உண்டு. கட்டணம் எடுக்க வேண்டிய நாளில் கணக்கில் பணமில்லாவிட்டால், வங்கி அதை நிலுவையில் வைத்து, அடுத்த வைப்பு வந்தவுடன் அறவிடலாம். சம்பளம் விழுந்த அன்றே இரண்டு மூன்று S/C வரிசையாகக் கழிவது இதனால்தான். சம்பளத்துக்கும் அந்தக் கட்டணங்களுக்கும் தொடர்பில்லை. அவற்றின் காரணத்தை முந்திய மாதத்துப் பக்கத்தில் தேடுங்கள்.

கடைசி இரண்டு பதிவுகளுக்கு வருவோம். INT வட்டி. ஒவ்வொரு நாளின் மீதிக்கும் ஆண்டுக்கு 3 சதவீதம் என்று வைத்துக் கணக்கிட்டோம். 31 நாள் மீதிகளின் கூட்டுத்தொகை 8,25,625. அதை 3 சதவீதத்தால் பெருக்கி 365ஆல் வகுத்தால் 67.86 வருகிறது. இதில் 16, 17ஆம் திகதிகளுக்கு 43,195ஐ எடுக்கவில்லை, 23,195ஐத்தான் எடுத்தோம். மாறாத காசோலைக்கு வட்டி கிடையாது. நீங்களே வட்டி கூட்டிப் பார்த்து வங்கியின் தொகை குறைவாக இருந்தால், இந்த இடத்தை ஒருமுறை சரிபாருங்கள்.

WHT வங்கிக் கட்டணம் அல்ல. வட்டி வருமானத்தில் வங்கி பிடித்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் செலுத்தும் நிறுத்திவைத்தல் வரி. சில கூற்றுகளில் AIT என்றும் இருக்கும். 2023 ஜனவரி முதல் 5 சதவீதமாக இருந்தது, 2025 ஏப்ரல் 1 முதல் 10 சதவீதம். அதனால் 67.86இல் 6.79 கழிந்திருக்கிறது. பழைய பக்கங்களில் பாதியளவே பிடித்திருப்பதைக் கண்டு வங்கி இப்போது கூடுதலாக எடுக்கிறது என்று நினைக்க வேண்டாம், வீதம்தான் மாறியது. கிளையில் எவ்வளவு வாதாடினாலும் முகாமையாளரால் இதைத் தள்ளுபடி செய்ய முடியாது. ஆனால் உங்கள் ஆண்டு வருமானம் 18 லட்சம் ரூபாவைத் தாண்டாவிட்டால், வரி செலுத்துநர் இலக்கத்துடன் சுய பிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுத்து இந்தப் பிடிப்பை நிறுத்தக் கேட்கலாம். ஓய்வூதியத்தையும் நிலையான வைப்பு வட்டியையும் நம்பியிருக்கும் பெரியவர்களுக்கு இது சிறு தொகை அல்ல, தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். வரிக்கோப்பு உள்ளவர்களுக்கோ பிடித்த தொகை வருட இறுதி வரியில் கழிக்கப்படும். வங்கியிடம் அதற்கான சான்றிதழை வாங்கி எங்களிடம் தாருங்கள். WHTஐ வங்கிக் கட்டணத்துடன் சேர்த்து எழுதிவிட்டால் அந்தக் கழிவு தவறிப்போகும். அதனால்தான் மேலுள்ள பக்கத்தில் வங்கிக் கட்டணம் என்று 335 ரூபாவையும் வரி என்று 6.79ஐயும் வேறு வேறாக எழுதுகிறோம்.

பல மாதம் புத்தகத்தை அச்சிடாமல் வைத்திருந்து ஒருநாள் கொண்டுபோனால், சில வங்கிகள் விட்டுப்போன பதிவுகளைத் தனித்தனியே அச்சிடாமல் மொத்தமாக ஒன்றிரண்டு பதிவாகச் சுருக்கிவிடும். அந்தக் காலத்தின் CHGகள் எல்லாம் அந்தச் சுருக்கத்துக்குள் மறைந்துவிடும். அந்த மாதங்களுக்கான கணக்குக்கூற்றை வங்கியிடம் கேட்டு வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. மாதத்துக்கு ஒருமுறை அச்சிட்டால் இந்தச் சிக்கல் வராது.

எல்லாம் பார்த்தும் ஒரு பதிவு விளங்காவிட்டால், திகதி, தொகை, அச்சிட்ட எழுத்து மூன்றையும் அப்படியே ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய், ‘இது உங்கள் கட்டண அட்டவணையில் எந்த இடத்தில் வருகிறது’ என்று கேளுங்கள். ‘ஏன் காசு வெட்டினீர்கள்’ என்று கேட்பதைவிட இதற்குத் தெளிவான விடை கிடைக்கும். தவறாக எடுத்திருந்தால் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட பிரதியை வாங்கி வையுங்கள். வங்கி தீர்க்காவிட்டால், இலங்கை மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். அங்கே முதலில் கேட்பது வங்கிக்கு நீங்கள் எழுதிய முறைப்பாட்டைத்தான்.

அடுத்த முறை வரும்போது புத்தகத்துடன் காசோலை அடிக்கட்டையையும் கொண்டுவாருங்கள். சுழித்து வைத்திருக்கும் பதிவுகளைச் சேர்ந்திருந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
உங்கள் கணக்குப் பதிவு நிலையத்தார்,
புறக்கோட்டை, கொழும்பு 11