முன்பின் தெரியாதவருக்கு எழுதும் மெயில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இடுக்கி மயிலாடும்பாறையில் இருக்கும் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிக்குப் புராஜெக்ட் கேட்டு அனுப்பப்போவதாகச் சொன்ன மெயிலைப் படித்தேன். குமுளியில் ஏலக்காய் வியாபாரி ஆபீஸில் காலையில் மெயில் பார்ப்பவள் என்பதால் சொல்கிறேன், இதற்குப் பதில் வராது.

"மதிப்பிற்குரிய ஐயா, என்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவே இந்த மெயில்" என்று தொடங்கியிருக்கிறாய். போனில் மெயில் வந்ததும் தெரிவது அனுப்பியவர் பெயர், தலைப்பு, முதல் சில வார்த்தைகள், அவ்வளவுதான். அந்த இடம் முழுக்க உன் மரியாதைக்கே போய்விட்டது. வணக்கத்தை ஒரு வார்த்தையில் முடி.

அடுத்து "கடின உழைப்பாளி, கற்கும் ஆர்வம் உள்ளவள்" என்கிறாய். இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம், அவரால் சரிபார்க்க முடியாது. முதல் வரியில் அவர் வேலைக்கும் உனக்கும் என்ன தொடர்பு என்பதும், இரண்டாவது வரியில் நீ செய்து முடித்த ஒன்றும் இருந்தால் போதும். இப்படி:

"கோவையில் பூச்சியியல் முதுகலை படிக்கிறேன், வண்டன்மேட்டில் எங்களுக்கு 2 ஏக்கர் ஏலத்தோட்டம். சென்ற ஜனவரி முதல் மே வரை அங்கே 40 செடிகளில் வாரம் ஒருமுறை சரத்தில் இலைப்பேன் எண்ணிக் குறித்து வைத்திருக்கிறேன்."

பல்கலைக்கழகத்தில் வாங்கிய மெடல் இதில் வேண்டாம். உனக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் அவருக்கு அந்த நோட்டுதான் முக்கியம். அதில் இருப்பதற்கு மேல் ஒரு செடிகூடக் கூட்டி எழுதாதே. ஆர்வம் வந்தால் அவர் முதலில் கேட்கப்போவது அந்த நோட்டைத்தான்.

அப்புறம் கேள்வி. "உங்கள் வழிகாட்டுதல் வேண்டும்" என்றால் அவர் என்ன செய்வார்? நாள் முழுக்க யோசிக்க வேண்டிய வேலை அது, நாளைக்குப் பார்ப்போம் என்று மூடிவிடுவார். பேன் இலையுறைக்குள்ளேயும் ஒளிந்திருக்கும் அல்லவா? நீ சரத்தை மட்டும்தான் பார்த்தாய். "சரத்தில் எண்ணியது போதுமா, இலையுறையையும் பிரித்துப் பார்க்க வேண்டுமா?" என்று கேள். ஆபீஸுக்குப் போகும் ஜீப்பில் உட்கார்ந்தே ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். அந்த வேலையை உண்மையில் செய்தவள்தான் இதைக் கேட்க முடியும் என்பதும் அவருக்குப் புரியும். புராஜெக்ட் கேட்பதை அவர் பதில் போட்ட பிறகு வைத்துக்கொள்.

தலைப்பில் "வேண்டுகோள்" என்று போடாமல் "ஏலத்தில் இலைப்பேன் எண்ணுவது: ஒரு கேள்வி" என்று போடு. ஃபைல் எதையும் இணைக்காதே. தெரியாதவர் அனுப்பும் ஃபைலை எங்கள் ஆபீஸிலேயே திறப்பதில்லை. உன் மெயிலில் பெயர் இன்னும் பள்ளிக்கூடத்தில் வைத்த செல்லப்பெயராகவே வருகிறது, அதையும் மாற்று.

பத்து நாளில் பதில் வராவிட்டால் அதே மெயிலுக்குக் கீழே ஒரு வரி எழுதி நினைவுபடுத்து. அதற்கும் வரவில்லையென்றால் விட்டுவிடு. அவர் லீவில் இருக்கலாம், கள வேலையில் இருக்கலாம். அதே துறையில் இன்னொருவருக்கு எழுதலாம், ஆனால் பெயரை மட்டும் மாற்றி அனுப்பாதே. அவர் செய்யும் ஆராய்ச்சியைப் பார்த்து முதல் வரியையும் கேள்வியையும் மாற்றி எழுது.

திருத்தியதை ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு, படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.

அம்மா