கல்யாண மேடையில் மைக் பிடிக்கப்போகும் பெரியவர்களுக்கு

அன்புள்ள தாத்தாக்களே, பெரியப்பாக்களே, அத்தைமார்களே,

நம் வீட்டுக் கல்யாணங்களுக்கு இப்போது வெளிமாநிலத்துச் சம்பந்திகள், பிள்ளைகளோடு வேலை பார்க்கிற வெளிநாட்டு நண்பர்கள் என்று நிறைய பேர் வருகிறார்கள், அவர்களுக்குச் சடங்குகளை விளக்கும் பொறுப்பு உங்களில் ஒருவர் தலையில்தான் விழுகிறது. தயவுசெய்து தாலி கட்டும்போது பேசாதீர்கள். தும்மலோ அழுகையோ காதில் விழக்கூடாது என்றுதான் கெட்டிமேளமே கொட்டுகிறார்கள், அதில் உங்கள் குரல் எப்படிக் கேட்கும்? பெண் கூறைப்புடவை மாற்றிக்கொள்ள உள்ளே போகிறாளே, மேடை சும்மா இருக்கும் அந்த நேரம்தான் உங்களுடையது.

அப்போது விருந்தாளிகளுக்கு முதலில் தெரியவேண்டியது தங்கள் கை என்ன செய்யவேண்டும் என்பதுதான். தேங்காய்மேல் தாலி வைத்த தட்டு வரிசை வரிசையாக வரும்போது, பழக்கமில்லாதவர்கள் அதைக் காணிக்கைத் தட்டு என்று நினைத்துப் பர்ஸைத் திறந்துவிடுகிறார்கள். அட்சதையைப் பிரசாதம் என்று வாயில் போடப் போகிறவர்களும் உண்டு. அதனால் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்:

"இந்தத் தட்டில் இருப்பது தாலி. தொட்டு, மனதுக்குள் வாழ்த்திவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். மஞ்சள் கலந்த இந்தப் பச்சரிசி உங்கள் ஆசீர்வாதம், கையிலேயே வைத்திருங்கள். மேளம் வேகமாகக் கொட்டும்போது மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடுவார், மற்ற இரண்டையும் அவருடைய அக்கா போடுவார். அப்போது அரிசியை மெதுவாகத் தூவுங்கள்."

சில வீடுகளில் மூன்று முடிச்சையும் மாப்பிள்ளையே போடுவார், தங்கை போடுகிற வீடும் உண்டு, ஆகவே முதல் நாளே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். பின்வரிசையில் இருந்து வீசினால் அட்சதை முன்வரிசைக்காரர் தலையில்தான் விழும், "மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள்" என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், மெட்டி போட்டால் கர்ப்பப்பை நரம்பு தூண்டப்படும் என்கிற மாதிரியான 'அறிவியல்' விளக்கம் வேண்டவே வேண்டாம். விருந்தாளிகளில் ஒரு டாக்டர் இருந்து எந்த நரம்பு என்று கேட்டால் நம்மிடம் பதில் கிடையாது. அம்மிமேல் பெண்ணின் காலை வைத்து மாப்பிள்ளை மெட்டி போடுகிறார், இந்தக் கல்லைப்போல உறுதியாக இரு என்று அர்த்தம், இது போதும், இதுவே அழகாக இருக்கிறது.

அருந்ததி பார்ப்பதைத்தான் கட்டாயம் விளக்கவேண்டும், ஏனென்றால் காலை ஒன்பது மணி வெயிலில் வானத்தைக் காட்டினால் எல்லோரும் அண்ணாந்து தேடுவார்கள். பகலில் தெரியாது, திசையை மட்டும் காட்டுகிறோம் என்று நேராகச் சொல்லுங்கள். சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனியிலிருந்து இரண்டாவதாக இருப்பது வசிஷ்டர், அவரை ஒட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி. சித்திரை, வைகாசிக் கல்யாணம் என்றால் அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் வடக்கே நிஜமாகவே காட்டலாம், மேகம் மட்டும் இருக்கக்கூடாது.

இப்படிக்கு,
உங்களைப்போலவே மைக் பிடிக்கும் ஒரு தாத்தா