பிரஷர் பார்ப்பவர்கள் கவனத்துக்கு

நேற்று வேகமாக நடந்து வந்த ஒருவருக்கு உடனே பார்த்ததில் 168/98. மேல்கையைச் சுற்றி அளந்தால் 36 செ.மீ.; நாம் கட்டியதோ 22–32 செ.மீ. பட்டை. பட்டை சின்னதென்றால் கூடத்தான் காட்டும். சரி என்று முதுகு சாய்த்து, பாதம் தரையில் பதிய, 5 நிமிடம் பேசாமல் உட்காரவைத்தோம். கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, பெரிய பட்டையில் 1 நிமிடம் விட்டு இரண்டு முறை: 146/88, 142/86. சராசரி 144/87.

அதுவும் 140-க்கு மேல்தான். சீட்டில் எழுதி டாக்டரைப் பார்க்கச் சொன்னோம்.

180/120-ஐத் தாண்டினால் மறுபடி பாருங்கள். குறையாவிட்டால் அன்றைக்கே டாக்டர். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் இருந்தால் அளந்துகொண்டே நிற்காதீர்கள், உடனே ஆம்புலன்ஸ்.