வரவுப் பதிவேட்டின் சிவப்புக் கோடு நேரத்துக்கு விழட்டும்: வன்னியின் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பணிப்பாளர்களுக்கு,

கிளிநொச்சி, முல்லைத்தீவு, துணுக்காய், மடு, வவுனியா வடக்கு என்று எந்த வலயத்தில் இருந்தாலும் இந்தப் பேச்சு உங்கள் காதுக்கும் வந்திருக்கும். பிள்ளைகளிடம் ஒழுக்கம் குறைந்துவிட்டது, போனும் போதையும் கெடுத்துவிட்டன, ஆகவே வாரத்தில் ஒரு பாடவேளையை விழுமியக் கல்விக்கென்று ஒதுக்க வேண்டும். எங்கள் ஆசிரியர் கூட்டத்திலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலும் இது திரும்பத் திரும்ப வருகிறது. கணிதம் படிப்பிக்கிற நான் அந்தப் பாடவேளை வேண்டாம் என்கிறேன். ஏன் என்று சொல்லவும், அதற்குப் பதிலாக உங்களால் மட்டுமே செய்யக்கூடிய சிலவற்றைக் கேட்கவும்தான் இந்த மடல்.

சமயம் முதலாம் தரத்திலிருந்து பதினோராம் தரம் வரை கட்டாயப் பாடம். இடைநிலை வகுப்புகளில் குடியுரிமைக் கல்வி இருக்கிறது. காலைப் பிரார்த்தனையில் நற்சிந்தனை தினமும் நடக்கிறது. உண்மை பேச வேண்டும் என்று நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லாமல் விடவில்லை. பரீட்சையில் கேட்டால் அழகாக எழுதுவார்கள், புள்ளியும் எடுப்பார்கள். விழுமியம் என்றால் பரந்த சொல் என்பதால் நான் நேர்மை ஒன்றை மட்டும் எடுத்துப் பேசுகிறேன். அதை ஓரளவுக்கு அளந்து பார்க்க முடியும்.

அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1920களில் அமெரிக்காவில் ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்ற இருவர் ஏறக்குறைய 11,000 பிள்ளைகளிடம் சோதனைகள் வைத்து, 1928 முதல் 1930 வரை முடிவுகளை வெளியிட்டார்கள். சோதனைகள் எளிமையானவை. தாளில் சிறு வட்டங்கள் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் குறி போட வேண்டும். மூடிய கண்ணோடு எல்லாவற்றிலும் சரியாகப் போடுவது நடவாத காரியம். போட்டவர் எட்டிப் பார்த்தவர். இன்னொன்றில், பிள்ளைகள் எழுதிய விடைத்தாளை வாங்கி, அவர்களுக்குத் தெரியாமல் பிரதி எடுத்துவிட்டு, மறுநாள் சரியான விடைகளோடு திருப்பிக் கொடுத்துத் தாங்களே திருத்தச் சொன்னார்கள். விடையை மாற்றியது யார் என்பது பிரதியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அவர்கள் கண்டது இன்றைக்கும் சங்கடமானது. எது சரி என்று நன்றாகத் தெரிந்த பிள்ளை கட்டாயம் நேர்மையாக நடக்கவில்லை. அறிவுக்கும் நடத்தைக்கும் இடையில் தொடர்பு மெலிதாகவே இருந்தது. சமய வகுப்புக்கும் நற்பண்பு இயக்கங்களுக்கும் போன பிள்ளைகள் போகாதவர்களைவிடப் பெரிதாக வேறுபடவில்லை. வகுப்பில் பார்த்து எழுதிய பிள்ளை விளையாட்டிலும் ஏமாற்றும் என்று சொல்ல முடியவில்லை, விளையாட்டில் ஏமாற்றிய பிள்ளை வகுப்பில் ஒழுங்காக இருந்ததும் உண்டு. நேர்மையான பிள்ளை, நேர்மையற்ற பிள்ளை என்று இரண்டு கூட்டமாகப் பிரிக்க அவர்களால் முடியவில்லை. ஆனால் ஒரே வகுப்பில் இருந்தவர்கள் ஒருவரைப்போல் ஒருவர் நடந்தார்கள். வகுப்புக்கு வகுப்பு வேறுபாடு இருந்தது, ஆசிரியரும் மாணவரும் பழகும் விதத்தோடு அது சேர்ந்து போனது. (பின்னால் அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்தவர்கள், பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தால் பிள்ளைக்கென்று ஒரு பொதுவான போக்கும் கொஞ்சம் தெரிகிறது என்றார்கள். அது நியாயமான திருத்தம்.)

வாரத்துக்கு ஒரு பாடவேளை பற்றி யோசிப்பவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். அமெரிக்கக் கல்வித் திணைக்களம் ஏழு நற்பண்புத் திட்டங்களை 84 ஆரம்பப் பாடசாலைகளில் பரீட்சித்து 2010இல் அறிக்கை தந்தது. திட்டம் நடந்த பாடசாலைப் பிள்ளைகளின் நடத்தைக்கும் நடக்காத பாடசாலைப் பிள்ளைகளின் நடத்தைக்கும் சராசரியில் வேறுபாடு தெரியவில்லை. பணமும் பயிற்சியும் உள்ள நாட்டில் நிலைமை அது. இங்கே அந்தப் பாடவேளை யாருக்குப் போகும் என்று உங்களுக்கும் தெரியும்: நேரசூசியில் இடம் காலியாக இருக்கிற ஆசிரியருக்கு.

அப்படியானால் நடந்து காட்டினால் போதுமா? 1970இல் ஜேம்ஸ் பிரையன், நான்சி வால்பெக் என்பவர்கள் இதைப் பார்த்தார்கள். பிள்ளைகள் ஒரு விளையாட்டில் பரிசுச் சீட்டுகளை வெல்வார்கள். அதில் ஒரு பங்கை ஏழைப் பிள்ளைகளுக்குப் போடலாம். முதலில் ஒரு மாதிரி ஆள் விளையாடிக் காட்டுவார். சில தடவை கொடுப்பது நல்லது என்று சொல்லிக் கொடுப்பார், சில தடவை அதையே சொல்லிவிட்டுக் கொடுக்காமல் போவார். பிள்ளைகள் கொடுத்ததும் கொடுக்காததும் அவர் செய்ததைப் பார்த்துத்தான். அவர் பேசியது அந்தக் கொடையைக் கூட்டவோ குறைக்கவோ இல்லை. ஆனால் 1979இல் நான்சி ஐசன்பேர்க் தன் சகாவோடு செய்த ஆய்வில், ‘கொடுக்கத்தான் வேண்டும்’ என்ற வெறும் கட்டளைப் பேச்சைவிட, ‘கிடைத்தால் அந்தப் பிள்ளைகள் எவ்வளவு சந்தோசப்படுவார்கள்’ என்று காரணத்தோடு சொன்ன பேச்சுக்குப் பலன் இருந்தது. ஆகப் பேச்சே வீண் என்று நான் சொல்லவில்லை. யாருக்கு என்ன நடக்கும் என்று தெரியாமல் பேசும் பேச்சுத்தான் வீண்.

இனி எங்கள் பாடசாலைகளுக்கு வருகிறேன். காலை ஏழரைக்கு ஆசிரியர் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு போட வேண்டும். அதற்குப் பிறகு ஒப்பமிடுபவர் பிந்தியவர். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற பஸ் ஏ9இல் பிந்தினால் கோடும் பிந்துகிறது, பஸ் வந்த பிறகு போடப்படுகிறது. அதே நேரத்தில் வாசலில் மாணவத் தலைவன் கொப்பியோடு நிற்கிறான். யானை நின்றதால் குளக்கட்டுப் பாதையைச் சுற்றிச் சைக்கிளில் வந்த பிள்ளையின் பெயர் ஏழு முப்பத்தைந்துக்கு அந்தக் கொப்பியில் ஏறுகிறது. அந்தப் பிள்ளை வாசலில் நின்றபடியே, தனக்குப் பின்னால் வருகிற எங்களைப் பார்க்கிறது. நாங்கள் படும் பயணக் கஷ்டம் உண்மை, அதற்கு நிவாரணம் கேட்பதும் சரி. கோட்டைத் தள்ளிப் போடுவது நிவாரணம் ஆகாது.

அதைவிடப் பெரியது மேற்பார்வைக் கிழமை. குழு வருகிறது என்று தெரிந்தவுடன் கணிப்பீட்டுப் பதிவுகள் ஒரே இருப்பில் நிரப்பப்படுகின்றன. செய்யாத ஒப்படைக்குப் புள்ளி விழுகிறது. சில இடங்களில் பிள்ளைகளையே இருத்தி, போன தவணைத் திகதி போட்டுக் கொப்பி எழுத வைக்கிறார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை “இண்டைக்கு என்ன திகதி போடுறது ரீச்சர்?” என்று கேட்கிறது, ஆசிரியர் வைகாசி மாதத்துத் திகதி ஒன்றைச் சொல்கிறார். நேர்மை பற்றிய எந்தப் பாடவேளையையும்விட ஆழமாகப் பதிகிற பாடம் அது. செய்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். வெறுமையான கட்டத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது, பொய்யால் நிரம்பிய கட்டத்தை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அந்த ஏற்பாடு உங்கள் அலுவலகப் படிவத்தில் தொடங்குகிறது.

என் எட்டாம் தர வகுப்பில் நடந்த ஒன்று. சிறு சோதனைகளைப் பிள்ளைகளே திருத்தப் பழக வேண்டும் என்று பத்து வினாக்கள் கொடுத்தேன். எழுதி முடிந்ததும் பேனையைப் பைக்குள் வைத்துவிட்டு வர்ணப் பென்சிலால் திருத்தச் சொன்னேன். கொப்பிகளைச் சேர்த்துப் பார்த்தபோது சிலவற்றில் 6 மேல் 8 ஏறியிருந்தது. கழித்தல் அடையாளத்துக்குக் குறுக்கே கோடு விழுந்து கூட்டலாகியிருந்தது. மையின் மேல் மை ஏறினால் தடிப்பு தெரியும். பெயர் சொல்லாமல், ஏன் மாற்றத் தோன்றுகிறது என்று வகுப்பிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு பின் வாங்கிலிருந்து ஒருத்தி சொன்னாள்: “நாற்பதுக்குக் குறைஞ்சா அம்மாவை வரச் சொல்லுவியள் ரீச்சர். அம்மா கூலி வேலையை விட்டிட்டு வரோணும்.”

நான் அறிவுரை சொல்லவில்லை. அந்தச் சோதனைப் புள்ளிகளைப் புள்ளிப் பட்டியலில் சேர்ப்பதை நிறுத்தினேன். பிழைத்த வினாவுக்குக் கீழே எந்தப் படியில் பிழைத்தது என்று ஒரு வரி எழுதினால் அதற்குப் பாதிப் புள்ளி என்றேன். இன்னொன்றையும் விளக்கமாகச் சொன்னேன்: நீங்கள் விடையை மாற்றினால் சமன்பாட்டில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது என்று நினைத்து நான் அடுத்த பாடத்துக்குப் போவேன், விளங்காத உங்கள் பக்கத்துப் பிள்ளையும் அங்கேயே நின்றுவிடும். அந்தத் தவணை முடிவதற்குள் மை மேல் மை ஏறுவது அரிதாகிவிட்டது. ‘கழித்தலை அடைப்புக்குள் கொண்டுபோகவில்லை’ என்ற மாதிரி வரிகள் வரத் தொடங்கின.

இதை வெற்றி என்று எழுத மாட்டேன். தவணைப் பரீட்சையில் அதே பிள்ளைகளில் சிலர் பக்கத்தில் பார்த்தே எழுதினார்கள். அங்கே புள்ளி பழையபடி பட்டியலுக்குப் போகிறது, வகுப்பு நிலை சுவரில் ஒட்டப்படுகிறது. ஹார்ட்ஷோர்னும் மேயும் சொன்னதுதான் இது: ஒரு சூழலில் பழகிய நேர்மை தானாக நடந்து அடுத்த சூழலுக்குப் போகாது. அங்கேயும் பழக்க வேண்டும், அதற்கு அங்கேயும் ஏற்பாடு மாற வேண்டும்.

வன்னிக்கென்று ஒரு விடயம். இந்தப் பிள்ளைகளை வளர்க்கிறவர்கள், யாரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அறிந்திருந்ததால் உயிர் தப்பியவர்கள். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்றபோது “கேட்டதுக்கு மட்டும் சொல்லு” என்று பிள்ளையின் காதில் சொன்ன அம்மாக்கள் இன்று அம்மம்மாக்கள். ‘எப்போதும் உண்மையே பேசு’ என்று ஒரு வரியில் படிப்பிக்க வருகிற ஆசிரியரை அந்த வீடுகள் மரியாதையோடு கேட்டுவிட்டு, பிள்ளைக்கு வேறொன்றைச் சொல்லும். அதிகாரத்துக்குப் பயந்து மறைப்பது எங்கே தேவைப்பட்டது, பக்கத்துப் பிள்ளையின் காசை எடுத்துவிட்டு மறைப்பது அதிலிருந்து எப்படி வேறு என்று பேசத் துணிந்தால் அந்தப் பேச்சுக்குப் பெறுமதி உண்டு. காசு காணாமல் போனதும் வகுப்பு முழுவதையும் நிறுத்திக் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் வாங்குகிற வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதில் எடுத்த பிள்ளையும் சத்தியம் பண்ணும், பயந்த பிள்ளை எடுக்காமலே அழும்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். மேற்பார்வைப் படிவத்தில் ‘செய்யவில்லை, காரணம்’ என்று ஒரு கட்டம் சேருங்கள்; அதில் உண்மை எழுதிய ஆசிரியரிடம் விளக்கம் கேட்பதை ஒரு வருடத்துக்காவது நிறுத்துங்கள். பின்திகதி போட்ட கொப்பி பிடிபட்டால் பிள்ளையிடம் கேட்காமல் எங்களிடம் கேளுங்கள். சிவப்புக் கோடு ஏழரைக்குப் போடப்பட வேண்டும். பஸ் பிந்தியவர்களின் பெயர் கோட்டுக்குக் கீழே வரட்டும், அந்தப் பதிவுகளை வைத்தே போக்குவரத்துச் சபையோடு பஸ் நேரத்தைப் பேசுங்கள். தரம் ஆறிலிருந்து ஒன்பது வரை வகுப்பு நிலையைச் சுவரில் ஒட்டுவதை விடச் சொல்லி அதிபர்மாருக்கு எழுதுங்கள். விழுமியத்துக்கு ஒதுக்க நினைத்த நாற்பது நிமிடத்தை வகுப்பாசிரியரிடம் விடுங்கள். பாடநூலோ பதிவேடோ வேண்டாம். அந்தக் கிழமை வகுப்பில் உண்மையாகவே நடந்த ஒன்றைப் பிள்ளைகளோடு இருந்து பேசட்டும்.

இவற்றில் முதலாவதற்குச் செலவு இல்லை, மாகாணத்தின் அனுமதியும் தேவைப்படாது என்று நினைக்கிறேன். தேவை என்றால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள். அடுத்த தவணை மேற்பார்வை தொடங்குவதற்கு முன்.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து ஒரு கணித ஆசிரியை